விற்பனை வரி யார் தலையில் விழுகிறது? கடலூர் கடைத்தெருவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மஞ்சக்குப்பத்தில் கடைகளுக்குக் கணக்கு எழுதித் தருவது என் பிழைப்பு. ஒவ்வொரு மாதமும் ரிட்டர்ன் தாக்கல் செய்ய வரும் கடைக்காரர்கள், வரியை எல்லாம் தாங்களே கட்டுவதாகப் புலம்புவார்கள். அதே கடைகளில் சாமான் வாங்கும் என் அக்கம்பக்கத்தார், வரியை எல்லாம் தாங்கள்தான் கட்டுவதாகச் சத்தியம் செய்வார்கள். இரண்டு பக்கமும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவை இங்கே.

பில்லில் ஜிஎஸ்டி என்று தனியாகப் போட்டு என்னிடம்தானே வாங்குகிறார்கள்? அப்புறம் கடைக்காரர் எங்கே வரி கட்டுகிறார்?

பில்லில் இருக்கும் வரி, பணம் எந்த வழியாக அரசுக்குப் போகிறது என்பதை மட்டுமே சொல்கிறது. சுமை யாருடையது என்பதை அது சொல்லாது. சட்டத்தைப் பார்த்தால் கதை தலைகீழ்: அரசுக்குப் பொறுப்பாளி விற்பவர். சென்னை மாகாணத்தில் 1939-ல் ராஜாஜி அரசு பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தபோதும் அது வியாபாரியின் மொத்த விற்பனை மீதுதான் போடப்பட்டது.

நீங்கள் கேட்க வேண்டியது வேறு. இந்த வரியே இல்லாவிட்டால் இந்தப் பொருள் என்ன விலைக்குப் போயிருக்கும்? அந்த விலையைவிட நீங்கள் எவ்வளவு கூடுதலாகக் கொடுத்தீர்களோ அது உங்கள் பங்கு. அந்த விலையைவிடக் கடைக்காரர் கையில் எவ்வளவு குறைவாக நின்றதோ அது அவர் பங்கு. இரண்டையும் கூட்டினால் வரி வரும்.

சரி, யார் எவ்வளவு சுமப்பார்கள் என்று எதை வைத்து முடிவாகிறது?

விலை மாறினால் யாரால் எளிதாக விலகிப் போக முடியும் என்பதை வைத்து. விலகிப் போகத் தெம்பு உள்ளவர் தப்பிப்பார், முடியாதவர் சுமப்பார். இதைப் பண்ருட்டிப் பலாப்பழத்தை வைத்துக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். பழத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, எனவே இது கற்பனை வரி. எண்களும் என்னுடையவை.

சீசனில் ஒரு நாள் மண்டியில் பழம் ஒன்று ரூ.100 விலையில் 1,000 பழம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவர்களுக்கு வேறு வழி நிறைய. பலா விலை ஏறினால் மாம்பழம் வாங்கிக்கொண்டு போவார்கள். அதனால் விலை ஒரு ரூபாய் ஏறினால் 30 பழம் குறைவாகப் போகும். தோப்புக்காரருக்கு அந்த வசதி இல்லை. பழுத்துவிட்ட பழத்தை நாலு நாளைக்குமேல் வைத்திருக்க முடியாது. கைக்கு வருவது ஒரு ரூபாய் குறைந்தால், தூரத்தில் ஒற்றையாக நிற்கும் மரங்களை இறக்காமல் விடுவார், அவ்வளவுதான். அது 10 பழம்.

இப்போது பழத்துக்கு ரூ.20 வரி. தோப்புக்காரர் முதலில் என்ன நினைப்பார்? வரியை அப்படியே விலையில் ஏற்றி ரூ.120 என்று சொல்லிப் பார்ப்பார். விலை 20 ரூபாய் ஏறியதால் 600 பழத்துக்கு ஆள் வராது. வண்டியில் 1,000 பழம் இருக்கிறது, போவது 400. மீதி 600 அழுகும். மறுநாள் காலை அவரே விலையை இறக்குவார். யாரும் அவரைக் கட்டாயப்படுத்த வேண்டியதில்லை, பழத்தின் வாசனையே கட்டாயப்படுத்தும்.

எங்கே போய் நிற்கும்? ரூ.105-ல். வாங்குபவருக்கு 5 ரூபாய் ஏறியதால் 150 பழம் குறைந்து 850 பழத்துக்கு ஆள் இருக்கும். தோப்புக்காரர் கைக்கு 105-ல் வரி 20 போக 85 வரும். அவருக்கு 15 ரூபாய் குறைந்ததால் அவரும் 150 பழத்தை இறக்காமல் விட்டு 850 பழம்தான் கொண்டுவருவார். இரண்டும் பொருந்துகிற ஒரே விலை இதுதான். ஆக, ரூ.20 வரியில் வாங்குபவர் பங்கு 5, தோப்புக்காரர் பங்கு 15.

சுருக்கமாக எழுதினால் இவ்வளவுதான்:

```
வாங்குபவர் பங்கு = வ / (வ + க)
வ = விலை ஒரு ரூபாய் மாறினால் வரத்து மாறும் அளவு (10)
க = விலை ஒரு ரூபாய் மாறினால் கிராக்கி மாறும் அளவு (30)
10 / (10 + 30) = 1/4
```

மேலே நிற்பது வாங்குபவரின் எண் இல்லை என்பதைக் கவனியுங்கள். வாங்குபவர் எவ்வளவு சுமப்பார் என்பதை, விற்பவர் எவ்வளவு எளிதாக ஒதுங்குவார் என்பது தீர்மானிக்கிறது. 10-ஐயும் 30-ஐயும் இடம் மாற்றிப் பாருங்கள். வாங்குபவர் 15, விற்பவர் 5 என்று ஆகிவிடும். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை அந்த வகை. விலை ஏறினாலும் யாரும் பாதி மாத்திரை போதும் என்று சொல்ல மாட்டார்கள்.

அப்புறம் ஒன்று. விற்காமல் போன 150 பழத்துக்கு அரசுக்கும் வரி வரவில்லை. தோப்புக்காரருக்கும் காசில்லை, சாப்பிட நினைத்தவருக்கும் பழமில்லை. யார் கணக்கிலும் வரவு ஆகாத நஷ்டம் அது.

விற்பவரிடம் வாங்காமல், வாங்குபவரே வரியை நேராகக் கட்ட வேண்டும் என்று சட்டம் போட்டால்?

ஒன்றும் மாறாது. மண்டி வாசலில் ஒரு மேசை போட்டு வாங்குபவரிடம் பழத்துக்கு ரூ.20 வசூலிக்கிறார்கள் என்று வையுங்கள். வாங்குபவர் அந்த 20-ஐ மனதில் வைத்துத்தான் உள்ளே பேரம் பேசுவார். உள்ளே விலை ரூ.85-க்கு இறங்கும், வாசலில் 20 சேர்ந்து ரூ.105. அதே இடம்தான்.

ஒரு விதிவிலக்கு சொல்ல வேண்டும். வசூலிப்பது யாரிடம் எளிது, யார் ஏமாற்றுவது கடினம் என்பதில் வித்தியாசம் வரும். ஆயிரம் பேரிடம் வசூலிப்பதைவிட ஒரு மண்டிக்காரரிடம் வசூலிப்பது சுலபம், அரசு விற்பவரைப் பிடிப்பது அதனால்தான்.

கற்பனை வரி வேண்டாம். நம் ஊரில் கண்ணுக்குத் தெரிகிற உதாரணம் இருக்கிறதா?

புதுச்சேரி எல்லையோரம் ரெட்டிச்சாவடிப் பக்கம் போய் நில்லுங்கள். பெட்ரோலும் டீசலும் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை. தமிழ்நாடு ஒரு வாட் போடுகிறது, புதுச்சேரி வேறு வாட் போடுகிறது. எல்லையைத் தாண்டிக் கன்னியக்கோவில் பக்கம் போனால் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு. கணக்குக்காக ரூ.5 என்று வைத்துக்கொள்வோம்.

மஞ்சக்குப்பத்தில் இருப்பவர் பைக்கில் 5 லிட்டர் போட எல்லைக்குப் போய்வந்தால் மிச்சம் ரூ.25. போகவர சுமார் 20 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கொடுக்கிற வண்டி என்றாலும் 0.4 லிட்டர், அதாவது ரூ.40 அளவுக்குப் பெட்ரோல் வழியிலேயே போய்விடும். எனவே அவர் இங்கேயே போடுவார், முணுமுணுத்துக்கொண்டே வித்தியாசம் முழுவதையும் கொடுப்பார். ஆனால் தினமும் புதுச்சேரிக்கு வேலைக்குப் போகிறவருக்குப் பயணச் செலவு தனியாக இல்லை. அவர் கடலூரில் டேங்கை நிரப்பவே மாட்டார்.

லாரியைப் பாருங்கள். 200 லிட்டர் டீசல் போட்டால் மிச்சம் ரூ.1,000. லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடினால் அந்த 20 கிலோமீட்டருக்கு 5 லிட்டர், நானூற்றுச் சொச்சம் ரூபாய் செலவு. லாபம்தான், லாரி போகும். ஒரே சாலை, ஒரே வரி. அதில் தப்புகிறவர் யார், மாட்டுகிறவர் யார் என்பது டேங்கின் அளவைப் பொறுத்தது.

எல்லைக்கு இந்தப் பக்கம் பங்க் வைத்திருப்பவர் என்ன செய்வார்? பலாத் தோப்புக்காரரைப்போல விலையை இறக்கி வாடிக்கையாளரைப் பிடிக்கவும் அவரால் முடியாது. விலையை எண்ணெய் நிறுவனம் தீர்மானிக்கிறது, அவருக்கு லிட்டர் கணக்கில் கமிஷன். எனவே அவர் பங்கு விலையில் தெரியாது, விற்காத லிட்டரில் தெரியும். யார் சுமக்கிறார்கள் என்று விலைப் பலகையை மட்டும் பார்ப்பவர்கள் இவரைத் தவறவிடுவார்கள்.

சாராயக் கடைகளிலும் இதே கதை நடந்தது. 2020 மே மாதம் புதுச்சேரி அரசு மதுவுக்குக் கோவிட் வரி போட்டு விலையைத் தமிழ்நாட்டுக்குச் சமமாக்கியது. இங்கிருந்து கூட்டம் அங்கே போகக் கூடாது என்பதுதான் நோக்கம். விலை சமமானதும் கடலூர்க்காரருக்கு அங்கே போகக் காரணமில்லை. உள்ளூர்க்காரர் கூடுதல் விலை கொடுத்தார், கடைக்காரர் வெளியூர்க் கூட்டத்தை இழந்தார்.

எல்லையில் எல்லாப் பொருளுக்கும் இப்படித்தானா?

2017 ஜூலை 1-க்கு முன்பு பல பொருளுக்கு அப்படி இருந்தது. ஜிஎஸ்டி வந்த பிறகு சோப்புக்கும் மிக்ஸிக்கும் இரண்டு பக்கமும் ஒரே விகிதம். பக்கத்து ஊருக்கு ஓடித் தப்பிக்க முடியாத வரியில் வாங்குபவரின் பங்கு கூடும். ஒரு ஊரில் மட்டும் போட்டால் விற்பவர் மாட்டுவார், நாடு முழுக்கப் போட்டால் வாங்குபவர் மாட்டுவார் என்று தோராயமாக நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

நான் புதுச்சேரி எல்லைக்குள் பாகூர் பக்கம் சின்னக் கடை வைத்திருக்கிறேன். பில்லில் ஜிஎஸ்டி போடவே எனக்கு அனுமதி இல்லை. நான் எப்படி வாடிக்கையாளரிடம் வாங்க முடியும்?

நீங்கள் கம்போசிஷன் முறையில் இருக்கிறீர்கள். சரக்கு விற்கும் கடைக்கு விற்பனையில் 1 சதவீதம், பில்லில் தனியாக வரி காட்டக் கூடாது. ஆனால் விலையில் ஏற்றக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. ரூ.100 பொருளை ரூ.101 என்று விற்கலாம். கேள்வி, உங்களால் முடியுமா என்பதுதான்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு, அது உங்கள் ஊர்க்காரர்களுக்கே உரியது. 2019 ஏப்ரலில் சரக்கு விற்பவர்களுக்கான ஜிஎஸ்டி பதிவு வரம்பை ரூ.20 லட்சத்திலிருந்து ரூ.40 லட்சமாக உயர்த்தினார்கள். தமிழ்நாடு அதை ஏற்றது, புதுச்சேரி 20 லட்சத்திலேயே நின்றது. எனவே வருடம் ரூ.30 லட்சத்துக்கு விற்கிறீர்கள் என்றால் நீங்கள் பதிவு செய்தாக வேண்டும். ரெட்டிச்சாவடியில் அதே அளவு வியாபாரம் செய்பவருக்கு அது தேவையில்லை.

உங்களுக்கு வருடத்துக்கு வரி ரூ.30,000. சரக்கு வாங்கும்போது கட்டிய வரியை அவராலும் திரும்பப் பெற முடியாது, உங்களாலும் முடியாது. அதில் இருவரும் சமம். ஆனால் இந்த 30,000 உங்களுக்கு மட்டும். வாடிக்கையாளருக்கு இரண்டு கடையும் ஒரே தூரம் என்றால் நீங்கள் ஒரு ரூபாய்கூட ஏற்ற முடியாது, முழுவதும் உங்கள் கைக்காசு. அக்கம்பக்கத்தில் எல்லாக் கடைகளும் உங்களைப்போலவே பதிவு செய்தவை என்றால் எல்லோரும் சேர்ந்தே விலை ஏற்றியிருப்பீர்கள், யாருக்கும் வலித்திருக்காது. இத்தனைக்கும் இரண்டிலும் சட்டம் ஒன்றுதான், பில்லும் ஒன்றுதான்.

2017-ல் ஹோட்டலுக்கு வரியைக் குறைத்தார்களே, சாப்பாட்டு விலை ஏன் குறையவில்லை? ஏமாற்றுதானே?

பாதி ஏமாற்று, பாதி கணக்கு. 2017 நவம்பர் 15 முதல் ஏசி ஹோட்டலுக்கு 18 சதவீதமாக இருந்த வரி 5 ஆனது. ஆனால் அதோடு, ஹோட்டல்காரர் தன் கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் உரிமையும் போனது. இதைப் பேப்பரில் படித்தவர்கள் குறைவு.

நான் வழக்கமாகச் சாப்பிடும் கடையில் சாப்பாடு ரூ.100, வரியோடு ரூ.118 என்று இருந்ததாக வையுங்கள். கொள்முதலில் கட்டிய வரி ரூ.7-ஐ அவர் கழித்துக்கொண்டிருந்தார். இப்போது அந்த 7 செலவாகிவிட்டது. பழைய லாபம் கிடைக்க அவர் ரூ.107 போட வேண்டும், 5 சதவீதம் சேர்த்தால் ரூ.112.35. அதுதான் நியாய விலை. அவர் என்ன செய்தார்? மெனு கார்டில் ரூ.110 என்று ஸ்டிக்கர் ஒட்டினார். வரியோடு ரூ.115.50.

எனக்கு மிச்சம் ரூ.2.50, அவருக்குக் கூடுதல் லாபம் ரூ.3. அரசுக்கு அந்தச் சாப்பாட்டில் மொத்தமாக ரூ.18 வந்துகொண்டிருந்தது, இப்போது கொள்முதல் வரி 7-ம் என் பில் வரி 5.50-ம் சேர்ந்து ரூ.12.50. விட்டுக்கொடுத்தது ரூ.5.50. அதை நானும் அவரும் 2.50, 3 என்று பிரித்துக்கொண்டோம். நான் சண்டை போடவில்லை. அந்தத் தெருவில் வேறு நல்ல சாப்பாடு கிடையாது, அது அவருக்கும் தெரியும்.

வரி ஏறினால் மறுநாளே விலை ஏறுகிறது. குறைந்தால் மட்டும் ஏன் இப்படி இழுக்கிறது?

பாடப்புத்தகக் கணக்குப்படி ஏற்றமும் இறக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். நிஜத்தில் அப்படி இல்லை. பின்லாந்தில் 2007-ல் முடி திருத்தும் கடைகளுக்கு வரியை 22-லிருந்து 8 சதவீதமாகக் குறைத்து, 2012-ல் 23 சதவீதமாக உயர்த்தினார்கள். குறைத்தபோது விலை இறங்கியதைவிட, உயர்த்தியபோது விலை ஏறியது அதிகம். வாடிக்கையாளர் ஏற்கெனவே கொடுத்துப் பழகிய விலையைக் குறைக்கக் கடைக்காரருக்கு அவசரம் எதுவும் இல்லை. பக்கத்துக் கடைக்காரர் முதலில் குறைத்தால்தான் அவசரம் வரும்.

இங்கே வரிக் குறைப்பின் பலனை வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்று ஜிஎஸ்டி சட்டத்தின் 171-வது பிரிவு சொல்கிறது. ஆனால் 2025 ஏப்ரல் 1 முதல் அதன் கீழ் புதிய புகார்கள் ஏற்கப்படுவதில்லை.

ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட் வரி குறைந்தும் ஐந்து ரூபாயாகவே இருக்கிறதே?

பாக்கெட்டின் பின்பக்கம் எடையைப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 அன்று பிஸ்கட் வரி 18-லிருந்து 5 சதவீதம் ஆனது. நாலரை ரூபாய்க்குப் பிஸ்கட் விற்றால் சில்லறைக்கு எங்கே போவது? அதனால் இந்த ரகத்தில் வரி ஏறினாலும் இறங்கினாலும் அது பெரும்பாலும் கிராமில்தான் நடக்கும்.

அப்படியானால் பலாத் தோப்புக்காரர் என்றைக்கும் மாட்டிக்கொண்டவர்தானா?

இந்த சீசனுக்கு, ஆமாம். அடுத்த சில வருடங்களில் இல்லை. கையில் 85 ரூபாய்தான் நிற்கிறது என்று தெரிந்தால் கிழட்டு மரத்தை வெட்டிய இடத்தில் புது பலாக்கன்று வைக்க மாட்டார். முந்திரியோ சவுக்கோ போடுவார். மண்டிக்கு வரும் பழம் மெல்லக் குறையும், விலை மெல்ல ஏறும், சுமை வாங்குபவர் பக்கம் நகரும். மேலே போட்ட கணக்கில் 10 என்று இருந்தது, பத்து வருடம் கழித்து 60 என்று ஆகியிருந்தால் ரூ.20-ல் வாங்குபவர் பங்கு ஏறத்தாழ 13. எனவே யார் கட்டுகிறார்கள் என்ற கேள்விக்கு எத்தனை மாதக் கணக்கு என்பதையும் சேர்த்துத்தான் பதில் சொல்ல முடியும்.

விற்பவர் பங்கு என்றால் முதலாளியின் பையிலிருந்து போகிறது என்று அர்த்தமா?

முழுவதும் அப்படி இல்லை. அதே கணக்கை இன்னும் ஒரு படி கீழே போட வேண்டும். தோப்பைக் குத்தகைக்கு எடுத்த வியாபாரிக்குப் பழத்துக்கு 15 ரூபாய் குறைந்தால் அடுத்த வருடம் குத்தகைத் தொகையைக் குறைத்துக் கேட்பார். நிலம் நகர முடியாது, அதனால் நிலச் சொந்தக்காரர் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார். பழம் இறக்கும் ஆட்களுக்கு வேறு வேலை கிடைக்கிற மாதம் என்றால் கூலியைக் குறைக்க முடியாது. வேலை கிடைக்காத மாதம் என்றால் அவர்கள் கூலியிலும் ஒரு பகுதி போகும்.

என் கடையில் வரி யார் தலையில் விழுகிறது என்று நானே எப்படிக் கண்டுபிடிப்பது?

வரி மாறும் தேதிக்கு இரண்டு மாதம் முன்பிருந்து, வரி சேர்த்து வாங்குபவர் கொடுக்கும் விலையையும், வரி போக உங்கள் கையில் நிற்பதையும், போன எண்ணிக்கையையும் மூன்று பத்திகளாக ஒரு நோட்டில் எழுதுங்கள். மாறிய பிறகும் மூன்று, நான்கு மாதம் எழுதுங்கள். முதல் வாரத்தை வைத்து முடிவு கட்ட வேண்டாம், பழைய ஸ்டாக் தீர்ந்திருக்காது.

பலரும் தவறுவது இங்கே: அதே சமயம் கொள்முதல் விலையும் ஏறியிருந்தால் அதையும் வரியின் தலையில் கட்டிவிடுவார்கள். அதற்கு, வரி மாறாத, ஆனால் அதே போன்ற இன்னொரு சரக்கின் விலையையும் பக்கத்தில் எழுதிவாருங்கள். ஷாம்பு வரி மாறியிருந்தால் வரி மாறாத ஒரு சலவைப் பவுடர். அந்தப் பவுடர் 3 சதவீதம் ஏறியிருக்கிறது, ஷாம்பு 3 சதவீதம் இறங்கியிருக்கிறது என்றால் வரிக் குறைப்பு ஷாம்பு விலையை 6 சதவீதம் இறக்கியிருக்கிறது, 3 அல்ல.

விலை அசையாமல் எண்ணிக்கை மட்டும் மாறியிருந்தால் நோட்டை மூடிவிடாதீர்கள். பங்க்காரரின் கணக்கும் அப்படித்தான் இருக்கும்.